கரும்புச்சாறு, நீர்மோர், சப்ஜா: வெயிலில் வியர்ப்பவருக்கு எது, எப்போது, எவ்வளவு உப்போடு?

கோடை வந்தால் நம் ஊர்களில் எல்லாப் பானத்துக்கும் ஒரே பட்டம்தான்: ‘உடம்புக்குக் குளிர்ச்சி’. நிழலில் உட்கார்ந்து குடிப்பவருக்கு அந்தப் பட்டமே போதும். மைதானத்தில் ஓடுபவருக்கும், சைக்கிள் மிதிப்பவருக்கும், கட்டட வேலையில் சித்தாளாக மண் சுமப்பவருக்கும் போதாது. அவர்கள் மணிக்கணக்கில் வியர்க்கிறார்கள். டம்ளரில் இருக்கும் தண்ணீர், உப்பு, சர்க்கரை ஆகிய மூன்றின் அளவுதான் அவர்களுக்கு முக்கியம். கரும்புச்சாறு, நீர்மோர், சப்ஜா மூன்றும் குளிர்ச்சிப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், இந்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

முதலில் ‘குளிர்ச்சி’ என்பதையே கொஞ்சம் எடை போட்டுப் பார்க்கலாம். 5 டிகிரிக்குக் குளிரவைத்த அரை லிட்டர் பானத்தைக் குடித்தால், அது உடல் சூட்டுக்கு வருவதற்குள் ஏறத்தாழ 16 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சும். கடுமையாக உழைக்கும் உடம்பு ஒரு மணி நேரத்தில் 400 கிலோகலோரிக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆக, பானத்தின் சில்லிப்பு வெளியேற்றுவது மிகச் சிறிய பங்கு. ஆனால் ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் அதோடு போய்விடும். உடம்பைக் குளிர்விப்பது வியர்வைதான். பானம் அந்த வியர்வைக்கான கச்சாப்பொருள். சில்லென்று இருந்தால் கூடுதலாகக் குடிக்க மனம் வரும், அந்த அளவில் ஐஸுக்கும் பயன் உண்டு.

வியர்வையில் போவது என்ன?

வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம். சிலருக்கு இரண்டு லிட்டரும் போகும். அந்த வியர்வையில் லிட்டருக்குச் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நடுத்தரமான கணக்கு. சமையல் உப்பாகச் சொன்னால் 2.3 கிராம். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் உப்பு மட்டும் இழப்பவரும் உண்டு, நாலு கிராமைத் தாண்டுபவரும் உண்டு. சட்டை காய்ந்த பிறகு முதுகிலும் அக்குளிலும் வெள்ளையாகக் கோடு விழுந்தால், தொப்பியின் விளிம்பில் உப்புப் பூத்திருந்தால், நீங்கள் இரண்டாவது வகை.

வெயிலுக்குப் பழகாத முதல் வாரம்தான் மோசமானது. தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்த பிறகு உடம்பு வியர்வையில் போகும் உப்பைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையின் அளவு கூடும், அதன் உப்புக் குறையும். ஏசி அறையில் ஆறு மாதம் இருந்துவிட்டு மே மாதம் திடீரென்று ஓடத் தொடங்குபவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதற்கு இந்தப் பழக்கமின்மையும் ஒரு காரணம்.

வியர்வையில் சர்க்கரை போவதில்லை. பிறகு பானத்தில் சர்க்கரை எதற்கு? இரண்டு வேலைக்கு. ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் உழைப்பில் தசைக்கு எரிபொருள். இன்னொன்று, சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் குடல் சுவருக்குள் நுழைகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கொஞ்சம் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்த நீர் விரைவில் உள்ளே ஏறுவது இதனால்தான். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படையும் இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. சர்க்கரை எவ்வளவு குறைவு என்று பாருங்கள்: லிட்டருக்கு மூன்று தேக்கரண்டிகூட முழுதாக இல்லை.

கரும்புச்சாறு: சர்க்கரை மிகுதி, உப்பு சூனியம்

பிழிந்த கரும்புச்சாற்றில் 13 முதல் 15 சதவீதம் சர்க்கரை இருக்கும். நன்றாக முற்றிய கரும்பில் அதற்கு மேலும் போகும். 14 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 140 கிராம், அதாவது ஓ.ஆர்.எஸ்ஸைப் போலப் பத்து மடங்கு. 250 மில்லி டம்ளரில் 35 கிராம், ஏழெட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை. பொட்டாசியம் ஓரளவு உண்டு. சோடியமோ கணக்கில் சேர்க்க முடியாத அளவுக்குக் குறைவு.

இவ்வளவு அடர்த்தியான சாறு வயிற்றில் என்ன செய்கிறது? சர்க்கரை எட்டு சதவீதத்தைத் தாண்டினால் இரைப்பை அதைக் குடலுக்குத் தள்ளும் வேகம் குறைகிறது. குடலுக்குப் போன பிறகும், சாறு இரத்தத்தைவிட அடர்த்தியாக இருப்பதால், நீர் உள்ளே ஏறுவதற்கு முன் உடம்பிலிருந்தே சற்று நீர் குடலுக்குள் இறங்குகிறது. தாகத்தோடு இரண்டு டம்ளர் அடித்துவிட்டு மறுபடி ஓடப் போனால் வயிறு தளும்புவதும், உப்புசமும், பக்கவாட்டில் பிடிப்பதும் இதன் அடையாளம். குடித்த பத்தே நிமிடத்தில் மறுபடி நாக்கு வறண்டால், அதற்கும் இதே காரணத்தைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் கரும்புச்சாற்றைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. தண்ணீர் சேர்த்து உப்புப் போட்டால் அது மிக நல்ல உழைப்புப் பானமாகிவிடும். ஒரு லிட்டருக்கு அளவு இது: சாறு 400 மில்லி, தண்ணீர் 600 மில்லி, தலைதட்டிய தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு தூள் உப்பு (2 கிராம்), ஒரு எலுமிச்சையின் சாறு. சர்க்கரை 5.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும், சோடியம் சுமார் 780 மில்லிகிராமுக்கு ஏறிவிடும். இந்தக் கலவை இரத்தத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் வயிற்றில் நிற்காமல் இறங்கும். கடைகளில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் பெரும்பாலானவை 6 சதவீதச் சர்க்கரையை ஒட்டித்தான் இருக்கின்றன. உப்பு விஷயத்தில் அவற்றில் பலவற்றைவிட இது மேல்.

முதல் தடவை குடிக்கும்போது ‘சப்பென்று இருக்கிறது’ என்று தோன்றும். முழுச் சாற்றுக்குப் பழகிய நாக்கு அது. வியர்த்த பிறகு இதே கலவை ருசிக்கும். கடையில் டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொடுப்பதும் ஒருவகையில் நீர்ப்பதுதான், ஆனால் அது உருகும்வரை பொறுத்துக் குடிப்பவர் யார்? மேலும் ஐஸ்தான் அந்தக் கடையிலேயே நம்பக் கடினமான பொருள். குடிநீரில் செய்யாத, மீன் பெட்டிக்குப் போகும் கட்டி ஐஸை உடைத்துப் போட்டால், டைபாய்டும் வயிற்றுப்போக்கும் சாற்றோடு சேர்ந்தே வரும். ஐஸ் இல்லாமல் வாங்கி, வீட்டுத் தண்ணீரில் நீர்ப்பது பாதுகாப்பு.

சாறு கெடும் வேகமும் அதிகம். பிழிந்த சில நிமிடங்களிலேயே காற்றுப் பட்டுப் பழுப்பாகத் தொடங்கும். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, புளிப்பு அந்த நிறமாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. நிறம் மாறுவதைவிடக் கவலைப்பட வேண்டியது கொழகொழப்பு. கரும்பின் மேலும் ஆலையின் உருளைகளிலும் இருக்கும் ஒருவகை பாக்டீரியா சர்க்கரையைப் பசை போன்ற பொருளாக மாற்றும். விரலில் தொட்டால் நூல் இழுக்கிறது, லேசாகப் புளித்த வாடை அடிக்கிறது என்றால் ஊற்றிவிடுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த சாற்றை நான் நம்பமாட்டேன். பிளாஸ்கில் குளிராக வைத்தாலும் அன்று காலைச் சாறு மதியத்துக்குள் தீர வேண்டும். பிழிவதற்கு முன் கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்புத் திட்டும் சாராய வாடையும் இருந்தால் அது செவ்வழுகல் நோய் கண்ட கரும்பு. அதையும் ஒதுக்க வேண்டும்.

நீர்மோர்: கை போடும் உப்புதான் எல்லாம்

மோர் உப்பை ஈடுகட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. தயிரில் இயல்பாக இருக்கும் சோடியம் சொற்பம்: 100 கிராமில் 40 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்தால், ஒரு லிட்டர் மோரில் மொத்தம் 80 மில்லிகிராம். வியர்வையில் போனது 900. இடைவெளியை நிரப்புவது நீங்கள் போடும் உப்பு மட்டுமே. உப்பில்லாத மோரோ ‘லேசாக’ உப்புப் போட்ட மோரோ தாகத்தை அடக்கும், உழைப்பவரின் உப்புக் கணக்கை அடைக்காது.

ஒரு லிட்டர் நீர்மோருக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது 3 கிராம் உப்பு நல்ல அளவு. 0.3 சதவீதம். ரசம், குழம்பில் நாம் போடுவதில் பாதிக்கும் குறைவு; மோரின் புளிப்பு அதை இன்னும் மறைத்துவிடும். லிட்டருக்கு ஒரு முழுத் தேக்கரண்டி போட்டால் கடல்நீர் போல இருக்காது, ஆனாலும் குமட்டும், தாகமும் கூடும். அளக்கும்போது ஒரு விஷயம்: கல் உப்பு இடைவெளி விட்டு நிற்பதால் அதே கரண்டியில் எடை குறைவாகவே நிற்கும். தூள் செய்து அளந்தால் குழப்பமில்லை. இந்துப்பு, கறுப்பு உப்பு இரண்டும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ‘இந்துப்பில் சோடியம் குறைவு’ என்று நம்பி அள்ளிப் போடுவதில் அர்த்தமில்லை. ‘குறைந்த சோடியம்’ என்று எழுதி விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும். வியர்வைக்கு அது மாற்றல்ல, சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஆபத்தும்கூட.

நீர்மோரில் சர்க்கரை ஒரு சதவீதத்தைத் தாண்டாது. எனவே உழைப்பு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் மோர் மட்டுமே போதும். இரண்டு மூன்று மணி நேரம் நீண்டால் மோர் தண்ணீரையும் உப்பையும் தரும், தெம்பைத் தராது. கால் கனத்து, ஓட்டம் தளர்ந்து போவதை மோரால் மீட்க முடியாது. மோர் பொருந்தும் நேரம் உழைப்புக்கு முன்னும் பின்னும். பின்னால் குடிக்கும்போது அதிலுள்ள சிறிதளவு புரதமும் சேர்கிறது.

வெண்ணெய் நன்றாக எடுத்திருக்க வேண்டும். கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கும். பச்சை மிளகாய், இஞ்சி, பெருங்காயம் போட்ட மசாலா மோர் ஓய்வாகக் குடிக்க அருமை; ஓடுவதற்கு முன் குடித்தால் நெஞ்சுக்கு எதுக்களிக்கும். கோடையில் தயிர் காலையில் உறைந்து மதியத்துக்குள் கடுத்துவிடுகிறது. மிகவும் புளித்த மோரை அளவாகக் குடிக்க முடியாது, இரண்டு மடக்கோடு நிறுத்திவிடுவோம். பிறகு உப்பும் உள்ளே போகாது. எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் நல்லது. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் அலுமினியத்திலும் உப்பும் புளிப்பும் சேர்ந்து உலோகத்தைக் கரைக்கும்.

சப்ஜா: ஊறினால் அழகு, கணக்கில் வெறும் தண்ணீர்

திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் சப்ஜா. தண்ணீரில் போட்ட பதினைந்து இருபது நிமிடத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போல வழவழப்பு உறை வந்துவிடும். ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். அந்த உறை நார்ச்சத்து. அது பிடித்துவைத்திருப்பது நீங்கள் ஊற்றிய தண்ணீரைத்தான். விதை புதிதாக நீரை உண்டாக்குவதில்லை, உப்பும் தருவதில்லை, சர்க்கரையும் தருவதில்லை. வயிறு நிறைந்த உணர்வும் மலச்சிக்கலுக்கு உதவியும் கிடைக்கும், அவ்வளவே.

ஆனால் சப்ஜாவை யாரும் வெறும் தண்ணீரில் குடிப்பதில்லை. நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், பலூடா என்று பாகு ஊற்றிய எதிலாவது மிதக்கும். கெட்டியான சர்பத் பாகு 30 மில்லியில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். அதை 200 மில்லிக்கு நீர்த்தால் 12 சதவீதம். விதையின் நல்ல பெயரில் கரும்புச்சாற்றுக்கு நிகரான சர்க்கரை உள்ளே போகிறது. ‘சப்ஜா குடித்தேன், ஆனாலும் சோர்வு’ என்பதன் பின்னால் உப்பில்லாத இந்தப் பாகு இருக்கலாம்.

உழைப்பாளிக்கு ஏற்ற சப்ஜா வேண்டுமென்றால் பாகை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, ஒரு பெரிய எலுமிச்சை, இரண்டரை கிராம் உப்பு, ஊறிய சப்ஜா ஒரு தேக்கரண்டி. கரும்பு கிடைக்காத இடத்தில் இதுவே மாற்று. விதை போடாமலும் இதே வேலையைச் செய்யும். ஓட்டத்தின் நடுவில் விதையைத் தவிர்ப்பதே மேல். நார் வயிற்றில் அசைந்து உப்புசம் தரும், சிப்பர் பாட்டிலின் வாயையும் அடைக்கும். ஊறாத விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது கூடவே கூடாது. தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். குழந்தைகளும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களும் கவனம்.

ஒரு மாலைப் பயிற்சியின் கணக்கு

மே மாதம், மாலை நாலு மணி முதல் ஆறு வரை கால்பந்துப் பயிற்சி. ஆட்டக்காரர் தொடங்குமுன் குறைந்த உடையில் எடை பார்க்கிறார்: 62.0 கிலோ. முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார்: 60.9. இடையில் 800 மில்லி தண்ணீர் குடித்தார், சிறுநீர் கழிக்கவில்லை. குறைந்த 1.1 கிலோவோடு குடித்த 0.8 லிட்டரைக் கூட்டினால், வியர்த்தது 1.9 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிராம் என்றால் ஏறத்தாழ 4.4 கிராம் உப்புப் போயிருக்கிறது. வெறும் தண்ணீர் குடித்ததால் அதில் ஒரு கிராம்கூடத் திரும்பவில்லை.

இவர் அந்த 1.9 லிட்டரையும் கடைக் கரும்புச்சாற்றால் நிரப்பினால் 265 கிராம் சர்க்கரை உள்ளே போகும், உப்பு வராது. அடுத்த நாள் இப்படிச் செய்யலாம்: மூன்று மணிக்கு ஒரு டம்ளர் உப்பு மோர், 250 மில்லி; அதில் முக்கால் கிராம் உப்பு. பயிற்சியின் நடுவே நீர்த்த கரும்புச்சாறு ஒரு லிட்டர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 150, 200 மில்லியாக; இதில் 56 கிராம் சர்க்கரை, 2 கிராம் உப்பு. முடித்த பிறகு எடை 0.9 கிலோ குறைந்திருக்கும். சிறுநீராகவும் கொஞ்சம் போகும் என்பதால் அந்தக் குறையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 1.3 லிட்டர், இரவு வரைக்கும் பரவலாகக் குடிக்க வேண்டும். அதில் அரை லிட்டர் மோரானால் இன்னும் ஒன்றரை கிராம் உப்பு. மொத்தம் 4.25 கிராம் வந்துவிட்டது. மீதியைச் சாம்பாரும் பொரியலும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டால் போதும், தினமும் தராசில் ஏற வேண்டியதில்லை. வெயில் கூடும்போது மட்டும் மறுபடி பார்க்கலாம்.

எடை குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் அது எச்சரிக்கை. வியர்த்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று பொருள். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம் என்று போகும். நீர் வற்றியவருக்கும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால் பார்த்த உடனே இரண்டையும் பிரிப்பது கடினம். எடைதான் பிரித்துக் காட்டும்.

இங்கே சொன்ன உப்பளவு வியர்க்கும் நாளுக்கு மட்டும் உரியது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பு, நம் வீட்டுச் சாப்பாடு ஏற்கெனவே அதைத் தாண்டிவிடுகிறது. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பாக மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் மோரில் உப்பைக் கூட்டக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு நீர்த்த கரும்புச்சாறும் சர்க்கரைப் பானமே. வெயிலில் ஒருவர் உளறினால், தள்ளாடினால், மயங்கினால் அவர் வாயில் எந்தப் பானத்தையும் ஊற்றாதீர்கள், புரையேறும். நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.